ஜன்னலுக்கு வெளியே எந்தத் தடையும் இல்லாமல்

வைக்கோல் போரைப் படத்திலிருந்து எடுத்தவன் நான்தான். அந்தப் படத்தால் ஒரு மனிதரின் தாடை உடைந்தது. உடைத்தவனும் நான்தான்.

பள்ளிக்கூடத்தில் உங்களிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள், "உங்கப்பா ஒருத்தரை அடிச்சிட்டு ஸ்டேஷனுக்குப் போனாராமே" என்று. நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்கவில்லை. என் இடது கையை மட்டும் பார்த்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து இது. பொய் இருக்காது.

நான் பிளைவுட் வேலை செய்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். வாலாஜாபாத்தில் ஒரு கடையில் ஏழு வருஷம் பலகை தூக்கி, அறுத்து, மைக்கா ஒட்டிக் கற்றுக்கொண்ட தொழில். முன்பெல்லாம் பேப்பரில் கோடு போட்டுக் காட்டினால் வீட்டுக்காரர்கள் தலையாட்டுவார்கள். இப்போது யாரும் கோட்டை நம்புவதில்லை. "படம் காட்டுங்க" என்கிறார்கள். செல்போனில் பேசினால் படம் போட்டுத் தருகிற வித்தையை, பாப்பா, நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். அதன் பேர் பிராம்ப்ட் என்றாய். "நீ இன்னா நெனைக்கிறியோ அத அப்படியே சொல்லுப்பா, அது வரைஞ்சிடும்" என்றாய்.

அப்படி அது வரையாது என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நாம் சொல்லாமல் விட்டதை அது தானாக நிரப்பிக்கொள்ளும். பலகையைச் சொல்லி, தாங்குகிற ஆங்கிளைச் சொல்லாவிட்டால் அலமாரி அந்தரத்தில் நிற்கும். விளக்கைச் சொல்லி ஒயரைச் சொல்லாவிட்டால் ஒயர் இல்லாமல் எரியும். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காவாந்தண்டலத்துப் பக்கம் ஒரு வீடு. ஊரின் பேரைச் சொல்லாமல் விடுகிறேன். அந்த வீட்டு மருமகள் சென்னைக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். கைக்குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் கட்டில் மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப், பக்கத்தில் தூளி. மாசி மாதத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கதவு சாத்துகிற தனி அறை, சரியான மேசை, முகம் தெரிகிற வெளிச்சம், ஜன்னல் எல்லாம் இருக்க வேண்டும். மாதக் கடைசிப் புதன்கிழமை வீடியோவில் பார்ப்போம். இல்லையென்றால் ஆபீசுக்கு வந்து வேலை பார்க்கலாம் என்று. இங்கிருந்து அந்த ஆபீசுக்குப் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். குழந்தை தாய்ப்பால் குடிக்கிறது. அவளுக்கு அந்த அறை கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

வீட்டின் பின்பக்கம் நெல் மூட்டை அடுக்கியிருந்த ஓர் அறை இருந்தது. பத்தடிக்கு ஒன்பதடி. ஜன்னல் கிடையாது. அந்தப் பின்சுவர்தான் பாகப் பிரிவினையில் எல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் தம்பி, அதாவது அவள் புருஷன். அந்தப் பக்கம் அண்ணன், அவளுக்கு மாமா முறை. சுவரிலிருந்து ஆறடி தள்ளி அண்ணனுடைய வைக்கோல் போர், அதற்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, அப்புறம் அவர் வீடு, அதற்கும் பின்னால் வயல். இதையெல்லாம் முதல் நாளே சுற்றி வந்து பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"அண்ணன் ஜன்னல் வெக்க ஒத்துக்குவாரா தம்பி?" என்று கேட்டேன்.

"என் சுவரு, என் வூடு. அவன இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்றான் தம்பி.

அந்தப் பதிலிலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் நானும் அந்தப் பெண்ணும் மூட்டை மேல் உட்கார்ந்து படம் போட்டோம். முதலில் அறையைப் போட்டோ எடுத்து செல்போனுக்குக் கொடுத்துவிட்டு, "ஆபீஸ் ரூம், டேபிள், ஷெல்ஃப், டேபிள் லைட், ஜன்னல்" என்று மட்டும் சொன்னேன். வந்த படத்தில் ஓர் அரண்மனை இருந்தது. மேசை மேல் ஒரு துரும்பு கிடையாது.

"அண்ணா, இது ஷோரூமு. இதுல யாரும் வேலை செய்யல" என்றாள்.

"கொஞ்சம் சாமான் கலைஞ்சி கெடக்கணும்" என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது படத்தில் பேப்பர் மலை, பத்துக் குவளை, அறுந்த ஒயர், எந்த மொழியும் இல்லாத எழுத்தோடு ஐம்பது புத்தகம்.

"இது எங்க மாமியாரு வூட்டு லாஃப்ட்டு!" என்று அவள் சிரித்த சிரிப்பில் தூளியில் குழந்தை விழித்துக்கொண்டது.

அதற்கு ஒரு வழி எனக்குப் பழக்கத்தில் தெரியும். கலைந்து கிடப்பதையும் எண்ணிச் சொல்ல வேண்டும். மேசை மேல் மூன்று நோட்டு, அதில் ஒன்று விரித்தது. ஒரு எவர்சில்வர் டம்ளர். ஒரு பேனா, மூடி கழற்றியது. கீழ்த்தட்டில் குழந்தையின் கிலுகிலுப்பை ஒன்று. மற்றதெல்லாம் மூடி போட்ட இரண்டு பெட்டிக்குள். இப்படிச் சொன்னால் ஆள் இருக்கிற அறையாகவும் தெரியும், அடக்கமாகவும் தெரியும்.

பிறகு அளவுகளைச் சொன்னேன். மேசை ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். தட்டுகள் பத்தங்குல அகலம், மூன்றடிக்கு மேல் நீளம் வேண்டாம், நீண்டால் நடுவில் தொங்கிவிடும். கீழே ஆங்கிள் தெரிய வேண்டும். அவளுக்கு வலது கைப் பழக்கம், அதனால் விளக்கு இடது பக்கம், கை நிழல் எழுத்து மேல் விழாமல். ஒயர் மேசை ஓட்டை வழியாகக் கீழே இறங்க வேண்டும். ஜன்னல் உட்கார்ந்தவளுக்கு வலது பக்கத்தில். நேர் எதிரில் வைத்தால் கண் கூசும், முதுகுப் பக்கம் வைத்தால் திரையில் பளபளக்கும், வீடியோவில் முகம் கறுத்துவிடும். கேமரா நிற்கிற ஆளின் கண் உயரத்தில், கதவிலிருந்து பார்ப்பது போல.

மூன்றாவது படம் சரியாக வந்தது. ஜன்னல் மட்டும் சரியில்லை. அதற்கு வெளியே தகரம், சாக்கு, ஒரு பழைய டயர் என்று எதையெதையோ போட்டிருந்தது. இன்னும் உடைக்காத சுவர் அது. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மிஷினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் வெளியே போய் ஒரு போட்டோ எடுக்க எனக்குச் சோம்பல்.

"வெளிய ஒரே குப்பையா கீதுண்ணா" என்றாள் அவள்.

"உள்ள குப்பைய எண்ணிட்டோம்மா, வெளிய தொடச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டு, செல்போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினேன்: "ஜன்னலுக்கு வெளியே எந்தத் தடையும் இல்லாமல் பச்சை வயல்."

வந்தது பாருங்கள் படம்! விளக்கு வெளிச்சம் மேசை மேல் மஞ்சளாக விழ, ஜன்னலில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வைக்கோல் போர் இல்லை, கொட்டகை இல்லை, அண்ணன் வீடும் இல்லை. அவர் வீடு இருக்க வேண்டிய இடத்தில் மிஷின் தானாக ஒரு கல் பாவிய நடைபாதையைப் போட்டிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மாதிரி ரூம்ல ஒக்காந்து வேலை செஞ்சா எப்டி இருக்கும்!" என்றாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தை அனுப்பும்போது, நான் பேசிய வாசகத்தையும் கீழே அப்படியே ஒட்டி அனுப்புவேன். வீட்டுக்காரர்கள் படித்துவிட்டு "மேசை நாலடி போதும்" என்று திருத்தலாம் அல்லவா. பிறகு தகராறு வராது. தகராறு வராமல் இருக்கத்தான் அந்த வழக்கத்தை வைத்திருந்தேன். அவள் அந்தப் படத்தையும் வாசகத்தையும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டாள். அண்ணனும் அந்தக் குரூப்பில் இருந்தார்.

அண்ணனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவர் மனைவி படித்துக் காட்டியிருக்கிறாள். அதன் பிறகு நடந்த எல்லாமே அடிதான்.

மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் தம்பி நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் நேராக வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். டம்ளர் தெறித்து டீ மாஸ்டர் மேல் விழுந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"என் வூட்ட எங்கடா வெச்ச?" என்று கேட்டார்.

தம்பிக்குப் புரியவில்லை. "இன்னா வூடு? குடிச்சிக்கினு வந்தியா?"

"பிளானு போட்டுட்டு குடிச்சிக்கினு வந்தியான்னு கேக்கறியா? நான் தடையா? என் மாடு தடையா? எந்த சர்வேயரடா கைல போட்ட?"

செல்போனைத் தம்பியின் மூக்குக்கு நேராக நீட்டினார். அதில் என் படம். அந்த நடைபாதையை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். "வழி வேற போட்டுட்டீங்க. நான் செத்துட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்க."

நான் எழுந்து, "அண்ணே, அது பிளான் இல்லண்ணே, செல்போன் தானா வரையறது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது? எந்தத் தெருவுலேர்ந்து வந்து எவன் நெலத்தத் தொடைக்கிற?"

டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். அந்தக் கேள்வி எனக்கு எந்த இடத்தில் வலித்தது என்று நீங்கள் வளர்ந்தால் தெரியும். நம் குடும்பத்தில் என் அப்பாவுக்கும் சரி, அவர் அப்பாவுக்கும் சரி, ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவன் வயலில் இறங்கி ஏறினவர்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அங்கே போனபோது, முற்றத்தில் மைக்கா ஒட்டிச் சாத்தி வைத்திருந்த தட்டுப் பலகைகள் நான்கும் அரிவாளால் கொத்தப்பட்டுக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஏழெட்டு வெட்டு. நாயைக்கூட யாரும் அப்படி வெட்ட மாட்டார்கள். மேசை உள்ளே இருந்ததால் தப்பித்தது. தம்பி வெட்டு வாயில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இனிமே இன்னா கேக்கறது? நாளைக்கு நானே சுவர ஒடைக்கிறேன். வரட்டும், பாத்துக்கறேன்."

"வேணாங்க, எனக்கு வேலையே வேணாம்" என்றாள் அவன் மனைவி.

"ஒனக்காவ இல்லடி. இது வேற."

நானும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசுங்க, வேற படம் போட்டுத் தர்றேன், அவரு வூட்டோட" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அந்த டீக்கடைக் கேள்வி உள்ளே கிடந்து புகைந்தது. சுவரில் ஜன்னல் வரவேண்டிய இடத்தை நானே சாக்பீசால் கோடு போட்டுக் கொடுத்தேன். தரையிலிருந்து மூன்றடி, அங்கிருந்து மேலே நாலடி, அகலம் மூன்றடி. கோடு நேராக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தம்பி உளியும் சுத்தியும் எடுத்து அடிக்க ஆரம்பித்தான். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் மேசைக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தேன். அவள் மேசை ஓட்டை வழியாக விளக்கு ஒயரை இழுத்து, லேப்டாப்பை வைத்து இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கூடத்தில் மாமியாரிடம் இருந்தது. சிமெண்ட் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. தம்பி மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினான்.

சத்தம் நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்தபடி நின்றோம். ஒவ்வோர் அடிக்கும் என் சாக்பீஸ் கோடு அதிர்ந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ அடியில் செங்கல் பிளந்து, கடப்பாரை முனை உள்ளே வந்தது. தம்பி நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி. முனை பின்னால் போனது. திரும்ப வந்தது. இரண்டு செங்கல் உள்ளே விழுந்தது. அந்த ஓட்டையில் முதலில் வெளிச்சம் வந்தது, அப்புறம் அண்ணனின் கண்.

"ஜன்னலு கேட்டியே, இந்தா!" என்றார். "பாரு. இன்னா தெரியுது? எந்தத் தடையும் இல்லாம இன்னா தெரியுது சொல்லு!"

அவர் தலைக்குப் பின்னால் வைக்கோல் போர் தெரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

தம்பி அந்த ஓட்டைக்குள் சுத்தியை விட்டு வீசினான். அந்தப் பக்கம் ஓர் அலறல். பிறகு காலடிச் சத்தம் சுற்றி வந்தது. வீட்டு முன்வாசல் கதவு மோதித் திறந்தது. கூடத்தில் மாமியார், "டேய், கொழந்த கீதுடா!" என்று கத்தினாள். அவர் உள்ளே வந்தபோது நெற்றியிலிருந்து ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. கையில் கடப்பாரை.

தம்பியைக் கடப்பாரையின் பக்கவாட்டால்தான் அடித்தார். முனையால் இல்லை. அதை நான் ஸ்டேஷனிலும் சொன்னேன். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. தம்பி மூட்டை மேல் விழுந்தான். பிறகு அவர் மேசையைப் பார்த்தார். என் படத்தில் இருந்த அதே மேசை, அதே இடது பக்க விளக்கு. அவருக்குப் படமே எழுந்து எதிரே வந்து நின்றது போல இருந்திருக்க வேண்டும்.

முதல் அடியில் விளக்கு போனது. இரண்டாவது அடிக்குக் கடப்பாரையை ஓங்கினார், லேப்டாப்புக்கு நேராக. அது கம்பெனியுடைய லேப்டாப். அவள் ஒரு சத்தமும் போடாமல் அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். குழந்தையை மறைக்கிற மாதிரி.

நான் இடது கையால் கடப்பாரையைப் பிடித்தேன். அது என் கையோடு சேர்ந்து மேசை விளிம்பில் இறங்கியது. சுண்டு விரலும் பக்கத்து விரலும் நசுங்கிய சத்தத்தை நான் கேட்டேன். வலி அப்புறம்தான் வந்தது. என் வலது கையில் கொட்டாப்புளி இருந்தது, உளியை அடிக்கிற அந்தக் கட்டை மரச்சுத்தி. அவர் கடப்பாரையை மறுபடி உருவப் பார்த்தார். நான் அடித்தேன். தாடையில்.

பிள்ளைகளே, இங்கேதான் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அடியில் அவர் கையிலிருந்து கடப்பாரை விழுந்துவிட்டது. அவர் சுவரில் சாய்ந்துவிட்டார். அதோடு நான் நிறுத்தியிருந்தால் அவளைக் காப்பாற்ற அடித்தேன் என்று சொல்லலாம். நான் நிறுத்தவில்லை. இன்னொன்று அடித்தேன். அதே இடத்தில். அடிக்கும்போது நான் சொன்னேன்: "எந்தத் தெருன்னு கேட்டியே, எந்தத் தெருன்னு கேட்டியே." தாடை இரண்டாவது அடியில்தான் உடைந்தது. எனக்குத் தெரியும். கொட்டாப்புளி பிடித்த கைக்கு மரம் எப்போது பிளக்கும் என்று தெரியும்.

மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது அவள் லேப்டாப் மேலிருந்து தலையைத் தூக்கி, "அண்ணா, அவரு எங்க மாமா!" என்றாள். கை இறங்கிவிட்டது.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே வராந்தாதான். தம்பி குப்புறப் படுத்திருந்தான். எனக்கு விரலைக் கட்டினார்கள். அண்ணனைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது, வாயிலிருந்து ரத்தம் ஒழுக, அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைவிடத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமைக்குப் பத்து நாள் இருந்தது. சுவரில் ஓட்டை, விளக்கு இல்லை, தட்டு இல்லை, இரண்டு பக்கமும் போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. சுவரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் மட்டும் தினமும் அந்த அறையைப் பெருக்கினாளாம்.

சனிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் தாடையைக் கம்பியால் கட்டி, தலையைச் சுற்றித் துணி போட்டு வந்திருந்தார். பேச முடியாது. பக்கத்தில் அவர் மனைவி. இந்தப் பக்கம் தம்பி, அவன் மனைவி, நான்.

எஸ்.ஐ. கேட்டார்: "இன்னாய்யா பிரச்சன? நெலமா, சுவரா?"

அண்ணன் செல்போனை எடுத்து மேசை மேல் வைத்தார். அந்தப் படம். எஸ்.ஐ. பார்த்துவிட்டு, "நல்லாத்தானே கீது ரூமு?" என்றார்.

"நல்லா இருக்கும் சார். எங்க வூட்ட இடிச்சிட்டா எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அண்ணன் மனைவி.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக, முழுசாக, நடந்ததைச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், போய் ஒரு போட்டோ எடுக்கச் சோம்பல்பட்டேன், அந்த ஒரு வரியைச் சொன்னது நான், அந்தப் பெண் இல்லை, அவர் தம்பியும் இல்லை. நடைபாதையை மிஷின் தானாகப் போட்டது. அதைப் பார்த்தும் நான் எடுக்கவில்லை. "நெலம் வெச்சிருந்தவனா இருந்தா அந்த வரிய நான் சொல்லியிருக்க மாட்டேன் சார். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல. யாரோட நெலமும் எங்களுக்கு வெறும் பச்சையாத்தான் தெரியும்." இரண்டாவது அடியையும் சொன்னேன். தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்தான், சொல்லாதே என்று. சொல்லிவிட்டேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையால் செல்போனைச் சுட்டி, என்னைச் சுட்டி, காற்றில் விரலால் ஏதோ வரைந்தார்.

"இன்னா சொல்றாரு?"

அவர் மனைவிக்குப் புரிந்தது. "வேற படம் போடச் சொல்றாரு. இப்பவே. இங்கயே."

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். "போலீஸ் ஸ்டேஷன்ல படமா? போடுய்யா."

அவர் மனைவி தன் செல்போனில் இருந்த ஒரு போட்டோவைத் தேடிக் கொடுத்தாள். பொங்கலுக்கு எடுத்தது, வைக்கோல் போர், கொட்டகை, மாடு எல்லாம் அதில் இருந்தது. அறையின் போட்டோவையும் அதையும் சேர்த்துக் கொடுத்து, கட்டுப் போட்ட கையில் செல்போனைப் பிடித்துப் பேசினேன். மேசை, தட்டு, இடது பக்க விளக்கு, மூன்று நோட்டு, டம்ளர். "ஜன்னலுக்கு வெளியே ஆறடி தூரத்தில் வைக்கோல் போர், அதன் வலது பக்கம் ஓட்டுக் கொட்டகை, ஒரு மாடு, பின்னால் ஒரு வீடு. நடைபாதை எதுவும் வேண்டாம்."

படம் வந்தது. அண்ணன் பார்த்தார். தலையை ஆட்டி, மறுத்தார். மாட்டை விரலால் தட்டினார். மிஷின் வெள்ளை மாடு போட்டிருந்தது.

"அவரு மாடு கறுப்பு" என்றாள் தம்பி மனைவி மெதுவாக. "நெத்தியில மட்டும் வெள்ள."

மறுபடி பேசினேன். இந்தத் தடவை மாட்டுக்கு மூன்று கொம்பு. எஸ்.ஐ. எட்டிப் பார்த்து, "யோவ், இதுக்கு நானே கேஸ் போடுவேன்" என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கம்பி இழுத்து வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் உடைத்த தாடை. யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஐந்தாவது படத்தை ஒத்துக்கொண்டார். பிறகு ஒரு காகிதம் வாங்கி, எழுத்துக் கூட்டி மூன்று வரி எழுதினார். போர் அங்கேயே இருக்கும். ஜன்னலுக்குக் கம்பி வேண்டும். ஜன்னல் கதவு தன் பக்கம் நீளக் கூடாது.

கதவை உள்பக்கம் திறந்தால் உட்கார்ந்திருப்பவள் தலையில் இடிக்கும். அதனால் இழுத்துச் சாத்துகிற கண்ணாடிக் கதவு போட்டுவிடலாம் என்று சொன்னேன். அதையும் அவரிடம்தான் சொன்னேன். தலையாட்டினார். கேஸ் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். அண்ணனும் தம்பியும் ஒரே வாசல் வழியாக வெளியே வந்து வேறு வேறு பக்கம் போனார்கள்.

ஞாயிறும் திங்களும் செவ்வாயும் ஒரு கையோடு வேலை செய்தேன். கொத்தனார் ஒருவரை வைத்து ஜன்னலைத் திறந்து, கம்பியும் கண்ணாடிக் கதவும் பொருத்தினோம். கொத்திய பலகைகளில் வெட்டு படாத பகுதியை மட்டும் அறுத்து இரண்டடித் தட்டுகளாக மாற்றினேன். மேசை விளிம்பில் கடப்பாரை இறங்கிய பள்ளம் ஒன்று இருந்தது. அதை மறைக்க வேண்டாம் என்றாள் அவள். அதன் மேல் டம்ளர் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். போர் வெளிச்சத்தை மறைத்ததால் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. படத்தில் இருந்ததைவிடப் பெரிய விளக்காக வாங்கினோம்.

புதன்கிழமை வீடியோவில் பார்த்தார்கள். நான் கதவுக்கு வெளியே குழந்தையை வலது கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் குரல் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. இவள் பதில் சொன்னாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"ஓகேன்னுட்டாங்க. ஜன்னலுக்கு வெளிய அது இன்னா மஞ்சளா பெருசான்னு கேட்டாங்க. எங்க மாமாவோட வைக்கப்போருன்னேன்."

அண்ணன் இன்னும் முறுக்கு கடிக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். எனக்கு இரண்டு விரல் மடங்காது. ஆணியைப் பிடிக்கும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டும் சமம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என் விரல் நசுங்கியது நான் குறுக்கே கை நீட்டியதில், அவர் குறி வைத்ததில் இல்லை; ஆனால் அவர் தாடையை நான் கை ஓங்கி, தெரிந்து உடைத்தேன்.

ஆடி மாதம் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கூடவே ஒரு வரி: "அண்ணா, மாடு தின்னு தின்னு போரு பாதியாய்டுச்சி. இன்னிக்கி வயலு தெரியுது." பார்த்தேன். மேசை, விளக்கு, டம்ளர், கிலுகிலுப்பை. கம்பிக்கு வெளியே இடுப்பளவு வைக்கோல். அதற்கு மேலே கொஞ்சம் பச்சை. ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் துணி கட்டிய ஒரு மனிதர் கறுப்பு மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் போட்டோவை நான் யாருக்கும் அனுப்பவில்லை.